ஃபேஷியல் மெஷின்: வாங்கலாமா, லீஸ் எடுக்கலாமா? மாதம் எத்தனை பேர் வந்தால் கட்டுபடியாகும்?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன டவுனில் ஒன்பது வருஷமாக லேடீஸ் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். நானும் மூன்று பெண்களும் வேலை செய்கிறோம். வருஷ வரவு 28 லட்சம். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, வருமான வரி உத்தேச முறையில் கட்டுகிறேன். எல்லா ஃபேஷியலும் சேர்த்து மாதம் 70 நடக்கும். இப்போது ஹைட்ரா ஃபேஷியல் மெஷின் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். ஒரு டீலர் 6,50,000 ரூபாய் பிளஸ் ஜிஎஸ்டி சொல்கிறார், இரண்டாம் வருஷத்திலிருந்து ஏஎம்சி 36,000 பிளஸ் ஜிஎஸ்டி. லீஸ் என்றால் மாதம் 24,000 பிளஸ் ஜிஎஸ்டி, 36 மாதம், சர்வீஸ் அவர்கள் பொறுப்பு. டெபாசிட் 75,000 கடைசியில் திரும்ப வரும், 65,000 பிளஸ் ஜிஎஸ்டி கொடுத்தால் மெஷின் நமக்கே. லீஸில் மாதம் 40 கிட் கட்டாயம் வாங்க வேண்டும், கிட் 600 பிளஸ் ஜிஎஸ்டி. “ஒரு சிட்டிங் 3,500, தினம் நாலு பேர் வந்தால் இரண்டே மாதத்தில் மெஷின் காசு வந்துவிடும், ஜிஎஸ்டியும் திரும்பக் கிடைக்கும், வாடகை முழுதும் செலவாகக் காட்டலாம்” என்கிறார் ரெப். 11 சதவீத வட்டிக்கு லோனும் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். என் கையில் 1,75,000 இருக்கிறது. நகையை வைத்து மொத்தமாக வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். எது சரி?
— பெயர் வேண்டாம்

பதில் தருபவர்: ஆடிட்டர்

அன்புச் சகோதரி, லீஸா சொந்தமா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, ரெப் சொன்ன ‘தினம் நாலு பேர்’ என்பதை முதலில் பார்ப்போம். மாதம் 26 நாள் கடை திறந்தால் அது 104 சிட்டிங். உங்கள் பார்லரில் எல்லா வகை ஃபேஷியலும் சேர்ந்தே 70தான். அவற்றில் 3,500இல் பாதிக்கும் குறைந்த விலையில் விற்பவையும் உண்டு. ஒரு சிட்டிங் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், சுத்தம் செய்ய இன்னொரு கால் மணி என்று வைத்தால் ஒரு மெஷின் ஒரு நாளில் நாலு பேரைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது மெஷினால் முடிந்த எண்ணிக்கை. உங்கள் ஊரில் அந்த விலை கொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. ரெப்பின் கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: 3,500 ரூபாயை அப்படியே லாபமாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஒரு சிட்டிங்கில் கையில் நிற்பது

விலைப்பட்டியலில் 3,500 என்று போட்டாலும் வருஷம் முழுக்க அந்த விலை கிடைக்காது. திறப்புச் சலுகை, ஆறு சிட்டிங் பேக்கேஜ், பழைய வாடிக்கையாளருக்குக் குறைப்பது எல்லாம் போகச் சராசரியாக 3,000 கைக்கு வரும் என்று வையுங்கள். ஜிஎஸ்டி இதற்குள்ளேயே அடக்கம். 5 சதவீத வரியைப் பிரித்தால் உங்களுடையது 2,857. ஒரு சிட்டிங்குக்கு ஒரு கிட், வரியோடு 708. கையுறை, துண்டு சலவை, கடைசியில் போடும் மாஸ்க் என்று ஒரு 100. செய்யும் பெண்ணுக்கு 10 சதவீத இன்சென்டிவ் 286. மிச்சம் 1,763.

இதோடு நிறுத்தினால் கணக்கு தப்பாகிவிடும். ஹைட்ராவுக்கு வருகிறவர்களில் ஒரு பகுதி, ஏற்கெனவே உங்களிடம் கோல்டு, டயமண்ட் என்று 1,800 ரூபாய் ஃபேஷியல் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் இதற்கு மாறும்போது அந்தப் பழைய வரவு நின்றுபோகிறது. 1,800இல் வரி, 300 ரூபாய் பொருள், 60 ரூபாய் சில்லறைச் செலவு, இன்சென்டிவ் எல்லாம் போக 1,183 நின்றிருக்கும். பத்துக்கு நாலு பேர் இப்படி மாறினால், ஒவ்வொரு ஹைட்ரா சிட்டிங்கின் மீதும் சராசரியாக 473 ரூபாயைக் கழிக்க வேண்டும். ஆக, மெஷின் புதிதாகக் கொண்டுவரும் காசு ஒரு சிட்டிங்குக்கு 1,290. இனி எல்லாக் கணக்குக்கும் இந்த எண்தான் அடிப்படை. என் அனுமானங்கள் உங்கள் கடைக்குப் பொருந்தாவிட்டால் உங்கள் பில் புத்தகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் எந்த வரியையும் விட்டுவிடாதீர்கள்.

எத்தனை பேர் வருவார்கள்?

‘கேட்டு ஆட்கள் வருகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். விலையைச் சொன்ன பிறகும் கேட்டவர்கள் எத்தனை பேர்? அதைத் தனியாகக் குறித்து வைத்திருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் உங்கள் அப்பாயின்ட்மென்ட் நோட்டு பதில் சொல்லும். கடைசி ஆறு மாதப் பக்கங்களை எடுத்து, ஃபேஷியல் செய்தவர்களின் பெயரை ஒரு தடவை மட்டும் எழுதுங்கள். மாதம் 70 வீதம் 420 சிட்டிங் இருந்தாலும் ஆட்கள் 200க்குள்தான் தேறுவார்கள். அந்தப் பட்டியலில் ஒரே வருகையில் 1,800 அல்லது அதற்கு மேல் ஃபேஷியலுக்கு மட்டும் கொடுத்தவர்களைச் சுழியுங்கள். 3,000 ரூபாய் சிட்டிங்குக்கு மாறக்கூடியவர்கள் அவர்களிடையேதான் இருக்கிறார்கள்.

ஒரு மாதிரிக்கு, சுழித்த பெயர்கள் 45 என்று வைப்போம். அவர்களில் 20 பேர் மாறுவார்கள். கம்பெனி மாதம் ஒரு தடவை செய்யச் சொல்லும், பெரும்பாலோர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள். ஆக மாதம் 10. கல்யாணப் பெண்கள் மாதம் ஆறு பேர், தலைக்கு இரண்டு சிட்டிங், அது 12. வெளியிலிருந்து புதிதாக 4. மொத்தம் 26. ஆனால் ஆடி, புரட்டாசி, மார்கழியில் அந்த 12 இருக்காது, 14தான் மிஞ்சும். முகூர்த்தம் உள்ள ஒன்பது மாதம், இல்லாத மூன்று மாதம் இரண்டையும் சேர்த்து வகுத்தால் சராசரி மாதம் 23.

மெஷின் வந்த முதல் இரண்டு மாதத்தில் இதைவிடக் கூடுதலாகவே வருவார்கள். புதுசாக இருக்கிறதே என்று ஒரு தடவை செய்து பார்ப்பவர்கள் அவர்கள். அந்த எண்ணிக்கையை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டாவது தடவை வருகிறவர்களின் எண்ணிக்கையே நம்பத் தகுந்தது.

இப்போது மெஷின் காசு எப்போது திரும்பும் என்று பார்ப்போம். வரியோடு விலை 7,67,000. மாதம் 23 சிட்டிங் என்றால் வரவு 29,670. அதில் விளம்பரத்துக்கு 5,000 போகும். முதல் வருஷம் வாரன்டி, அடுத்த இரண்டு வருஷ ஏஎம்சி வரியோடு 84,960. இதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,360. இவை போக நிற்பது 22,310. விலையை இதால் வகுத்தால் 34 மாதத்துக்கு மேல். மாதம் 35 பேர் வந்தால் 20 மாதம். வட்டியை இதில் நான் இன்னும் சேர்க்கவில்லை. இரண்டே மாதம் என்று கேட்டதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை உங்கள் கணவருக்கும் காட்டுங்கள்.

லீஸும் லோனும் பக்கத்துப் பக்கத்தில்

கையிலிருந்து 1,67,000 போட்டு, மீதி 6 லட்சத்துக்கு வங்கியில் 12 சதவீதக் குறையும் நிலுவை வட்டியில் 36 மாத லோன் எடுத்தால் இஎம்ஐ 19,929. அதோடு ஏஎம்சி, விளம்பரம், நீங்கள் போட்ட கைக்காசை 36ஆல் வகுத்த 4,639 எல்லாம் சேர்த்து மாதம் 31,928. இதை 1,290ஆல் வகுத்தால் மாதம் 25 சிட்டிங் வேண்டும். லீஸில் வாடகை வரியோடு 28,320, விளம்பரம் 5,000, ஆக 33,320. அதற்கு 26 சிட்டிங்.

மாதக் கணக்கில் வித்தியாசம் ஒரே ஒரு ஆள்தான். அதனால்தான் இரண்டும் ஒன்று போலத் தோன்றி உங்களைக் குழப்புகிறது. மூன்று வருஷ மொத்தத்தைப் பார்த்தால் தெளிவாகும். லீஸில் வாடகை 10,19,520, கடைசியில் மெஷினுக்கு 76,700, ஆக 10,96,220. லோனில் விலை 7,67,000, வட்டி 1,17,444, ஏஎம்சி 84,960, ஆக 9,69,404. லீஸில் 1,26,816 ரூபாய் கூடுதல். டெபாசிட் 75,000 மூன்று வருஷம் வட்டியில்லாமல் அவர்களிடம் கிடப்பது தனி.

இந்த ஒன்றேகால் லட்சத்தை வீண் என்று நான் சொல்லவில்லை. ஆட்கள் வராவிட்டால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் உரிமைக்கு அது விலை. மாதம் 12 சிட்டிங்தான் நடக்கிறது என்று வையுங்கள். வரவு 15,480, விளம்பரம் போக 10,480. வாடகை கட்ட மாதம் 17,840 கைக்காசு போட வேண்டும். 12ஆம் மாதத்தில் மூன்று மாத வாடகையை அபராதமாகக் கொடுத்து விலக முடிந்தால் மொத்த நஷ்டம் ஏறக்குறைய 3 லட்சம். 36 மாதமும் கட்டியே ஆக வேண்டும் என்றால் 6,42,000ஐத் தாண்டும். விலகும் உரிமை இல்லாத லீஸ் என்பது, வட்டி அதிகமான கடனுக்கு வேறு பெயர். நீங்கள் எழுதியதில் ‘36 மாதம்’ என்றுதான் இருக்கிறது, இடையில் விடலாமா என்பது இல்லை. அதை ஒப்பந்தத்தில் தேடுங்கள், ரெப்பின் வாய்வார்த்தையில் தேடாதீர்கள்.

வாடகையைவிடப் பெரிய ஆபத்து: 40 கிட்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இந்த ஒரு வரி. 40 கிட், வரியோடு 708 வீதம், மாதம் 28,320. வாடகைத் தொகையும் அதேதான். அதாவது ஒரே மெஷினுக்கு இரண்டு வாடகை கட்டுகிறீர்கள்.

கிட்டை ஆள் வந்தால் மட்டும் வாங்குவதாக வைத்துத்தான் மேலே 26 என்று சொன்னேன். 40 கட்டாயம் என்றால் அது நிலையான செலவாகிவிடுகிறது. மாதச் செலவு 61,640. கிட் காசைத் தனியாகக் கட்டிவிட்டதால் ஒரு சிட்டிங்கில் நிற்பது 1,998. வகுத்தால் மாதம் 31 சிட்டிங் நடந்தால்தான் அசல் தேறும். நாம் கணித்த 23 பேர் வந்தால் மாதம் 15,686 நஷ்டம், அலமாரியில் 17 கிட் மிச்சம். சீரம் பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு, திறந்துவிட்டால் ஆயுள் இன்னும் குறையும். மிஞ்சிய கிட்டை அடுத்த மாதத்தில் சரிக்கட்டலாம் என்று நினைக்க முடியாது, அடுத்த மாதமும் 40 வந்து நிற்கும்.

வேறு கம்பெனி சீரத்தைப் போட்டு ஓட்டலாமா என்று தோன்றும். சில மெஷின்களில் பாட்டிலிலோ டிப்பிலோ சிப் வைத்திருப்பார்கள், வேறு பொருளைப் போட்டால் மெஷின் ஏற்காது. சிப் இல்லாத மெஷினிலும், வெளிப் பொருள் போட்டதால் பழுது என்று சர்வீஸை மறுக்க இடமிருக்கிறது. ஒரு ஆளுக்குப் போட்ட டிப்பைக் கழுவி இன்னொருவருக்குப் போடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். பரு உள்ள ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குத் தொற்று போவதற்கு அது நேர்வழி.

ஆகவே பேரத்தை வாடகையில் ஆரம்பிக்காதீர்கள். 24,000ஐ 22,000 ஆக்கினால் உங்களுக்கு மிச்சம் மாதம் 2,360 ரூபாய்தான். 40 கிட்டை 15 ஆக்கினால், அல்லது மூன்று மாதத்துக்குச் சேர்த்து 45 என்று எழுதி வாங்கினால், ஆடி மாதத்திலும் தூங்க முடியும்.

வரியில் உள்ள தவறான நம்பிக்கை

ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும் என்பது பழைய கதை. 2025 செப்டம்பர் 22 முதல் பார்லர் சேவைக்கு வரி 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கூடவே, உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ளும் உரிமையும் போய்விட்டது. முன்போல 18 வசூலித்து வரவு எடுத்துக்கொள்கிறேன் என்று தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. அதனால் மெஷின் மீதான 1,17,000, வாடகை மீதான மாதம் 4,320, கிட் மீதான 108 எல்லாமே உங்கள் கைச்செலவு. மேலே எல்லாக் கணக்கிலும் வரியோடு சேர்த்தே எழுதியது இதற்காகத்தான். டீலர் வரி சேர்க்காமல் விலை சொல்லும் போதெல்லாம் மனதில் 18 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாடகையைச் செலவாகக் காட்டலாம் என்பதும் உங்கள் விஷயத்தில் பயன் தராது. உத்தேச முறையில் வரவில் 8 சதவீதத்தை, வங்கி வழியாகவும் யுபிஐ வழியாகவும் வந்த பகுதிக்கு 6 சதவீதத்தை லாபமாகக் காட்டுகிறீர்கள். அதற்குள்ளேயே எல்லாச் செலவும் தேய்மானமும் அடங்கிவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. தனியாக வாடகையையோ தேய்மானத்தையோ கழிக்க முடியாது. வரி மிச்சம் என்ற காரணத்துக்காக நீங்கள் லீஸைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

11 சதவீதம், நகை, வங்கி

டீலர் சொல்லும் 11 சதவீதம் ‘ஃபிளாட்’ வட்டியா என்று கேளுங்கள். அப்படியென்றால் 6 லட்சத்துக்கு மூன்று வருஷமும் முழுத் தொகை மீதே வட்டி போடுவார்கள்: 1,98,000. தவணை 22,167. வங்கியின் 12 சதவீத லோனைவிட மாதம் 2,238, மொத்தத்தில் 80,556 அதிகம். நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வருவதால் அந்த 11இன் உண்மையான வட்டி ஆண்டுக்கு 19.6 சதவீதம் அளவில் நிற்கும். சதவீதத்தை ஒப்பிட்டு ஏமாறாமல், இரண்டு இடத்திலும் ஒரே தொகைக்கு, ஒரே காலத்துக்கு இஎம்ஐ எவ்வளவு என்று கேட்டால் போதும்.

நகை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத் தருவது. இந்த மெஷின் காசு திரும்ப மூன்று வருஷம் பிடிக்கலாம். ஒவ்வொரு வருஷமும் வட்டி கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போவீர்கள், அசல் அப்படியே நிற்கும். முத்ரா திட்டத்தில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை ‘தருண்’ பிரிவில் வரும். சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, மெஷினே வங்கிக்கு ஈடாக இருக்கும். ஜிஎஸ்டி ரிட்டர்ன், இரண்டு வருஷ வருமான வரிக் கணக்கு, ஒரு வருஷ வங்கி ஸ்டேட்மென்ட், டீலரின் கொட்டேஷன் இவற்றோடு, நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கே முதலில் போங்கள். ஒன்பது வருஷம் கடை நடத்தியவருக்கு அந்த ஸ்டேட்மென்டே நல்ல சாட்சி.

ஒரு எச்சரிக்கை: கையிலிருக்கும் 1,75,000இல் 1,67,000ஐ மெஷினில் போட்டுவிட்டால் சம்பளத்துக்கும் கடை வாடகைக்கும் இருப்பே இருக்காது. வாங்குவது என்று முடிவானாலும் குறைந்தது மூன்று மாத இஎம்ஐ அளவு, சுமார் 60,000, தனியாக ஒதுக்கிய பிறகே வாங்குங்கள். அதற்காக லோன் தொகை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

கையெழுத்துக்கு முன் எட்டு வாரம்

23க்கும் 25க்கும் இடையில் கணக்கு ஊசலாடுவதால், நோட்டை மட்டும் நம்பி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு மனமில்லை. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கோவை, சேலம் பக்கத்து டீலர்களிடமும், ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கும் பார்லர்களிடமும் நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். உங்கள் டீலரிடமே டெமோ மெஷின் கேளுங்கள். விற்க ஆசைப்படுபவர் தருவதற்கு வாய்ப்பு அதிகம். வாரம் ஒரு நாள், நாளுக்கு ஐந்து இடம், எட்டு வாரம், மொத்தம் 40 இடம். விலை 3,000. சலுகை விலையில் சோதித்தால் சோதனையே பயனற்றுப்போகும். பெயர் கொடுப்பவர்களிடம் 500 ரூபாய் முன்பணம் வாங்குங்கள். ‘கண்டிப்பா வர்றேன் அக்கா’ என்பதை முன்பதிவாக எண்ணாதீர்கள், முன்பணம் கொடுத்ததை மட்டும் எண்ணுங்கள்.

நோட்டில் மூன்று விவரம் குறியுங்கள்: வந்தவர் பழையவரா புதியவரா, ஹைட்ரா இல்லையென்றால் வேறு ஃபேஷியல் செய்திருப்பாரா, அடுத்த தேதி கேட்டு முன்பணம் கொடுத்தாரா. 40இல் 35க்கு மேல் நிரம்பி, அவர்களில் பத்துப் பேராவது இரண்டாம் சிட்டிங்குக்குப் பணம் கட்டியிருந்தால் லோன் போட்டுச் சொந்தமாக வாங்குங்கள். 20 முதல் 35 வரை என்றால், 12ஆம் மாதத்தில் விலகலாம் என்றும் கிட் கட்டாயம் 15க்கு மேல் இல்லை என்றும் எழுதித் தரும் லீஸ் மட்டும். அப்படித் தர மறுத்தால் வேண்டாம். 20க்குக் கீழே என்றால், வாரம் ஒரு நாள் வாடகை மெஷினை வைத்தே தொடருங்கள், கல்யாண சீசனுக்கு அது போதும். சோதனை நடக்கும் எட்டு வாரத்தில் ஆடி மாதம் வந்தால் இந்த எண்களை நாலில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள், முழுக்க தை மாசியில் வந்தால் கூட்டிப் பாருங்கள்.

பேக்கேஜ் விற்ற காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு சிட்டிங் 15,000 என்று பத்துப் பேருக்கு விற்றால் கையில் 1,50,000 நிற்கும், மெஷின் ஓடுகிறது என்ற மயக்கம் வரும். ஆனால் நீங்கள் 60 சிட்டிங் கடன்பட்டிருக்கிறீர்கள். அதற்கான கிட் மட்டுமே 42,480. ஜிஎஸ்டியோ முன்பணம் வாங்கிய மாதக் கணக்கிலேயே வந்துவிடும். பேக்கேஜ் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, சிட்டிங் முடிய முடிய ஆறில் ஒரு பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுபடியாகிறதா என்ற கணக்கில் செய்து முடித்த சிட்டிங் மட்டும்தான் வரவு.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

இந்த மெஷினின் உயிர் வாக்குவம் பம்ப். முகத்திலிருந்து உறிஞ்சிய நீர் கழிவுப் பாட்டிலில் சேரும். அது நிரம்பியதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஈரம் பம்ப்புக்குள் போய்விடும். நாள் முடிவில் டியூபைக் கழுவி விடாவிட்டால் சீரம் உள்ளேயே காய்ந்து அடைக்கும். உறிஞ்சும் வேகம் குறைவது, பாட்டிலில் சீரம் இறங்காமல் நிற்பது, சத்தம் மாறுவது முதல் அறிகுறிகள். ‘ஈரம் புகுந்த பழுதுக்கு வாரன்டி இல்லை’ என்ற வரியும், ஹேண்ட்பீஸைத் தேயும் பாகம் என்று விலக்கும் வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்த இரண்டின் விலையையும் இப்போதே எழுதி வாங்குங்கள். மெஷின் 72 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மாற்று மெஷின் தர வேண்டும், இல்லாவிட்டால் நின்ற நாளுக்கு வாடகையும் கிட் கட்டாயமும் கழிய வேண்டும் என்று லீஸில் சேர்க்கச் சொல்லுங்கள். வைகாசி முகூர்த்தத்தில் பத்து நாள் நின்றால் அந்த மாத வரவில் பெரும்பகுதி போய்விடும்.

விளம்பரப் பலகை அடிக்கும் முன்பு ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘ஹைட்ராஃபேஷியல்’ என்பது ஒரு அமெரிக்கக் கம்பெனியின் வணிகப்பெயர். டீலர் தருவது அந்தக் கம்பெனி மெஷின் இல்லையென்றால் அந்தப் பெயரைப் போட்டு விளம்பரம் செய்வது பின்னால் பிரச்சினையாகலாம். மெஷினின் சொந்தப் பெயரையே போடுங்கள்.

கடைசியாக, காசோலை. லீஸ்காரர்கள் பாதுகாப்புக்கென்று தேதியில்லாத, தொகை எழுதாத செக்குகளில் கையெழுத்துக் கேட்பது வழக்கம். கொடுக்காதீர்கள். பணமில்லாமல் திரும்பும் செக் குற்ற வழக்காகும், இரண்டு வருஷம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. தொகையை அவர்கள் நிரப்பியது என்று பின்னால் நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். மாத வாடகைக்கு வங்கி வழித் தானியங்கிப் பற்று போதும். பாதுகாப்புக்கு 75,000 டெபாசிட் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. செக் கட்டாயம் என்றால் ஒன்றே ஒன்று, தேதி, தொகை, பெயர் எல்லாம் உங்கள் கையால் எழுதி, அதன் எண்ணையும் எதற்காகத் தரப்பட்டது என்பதையும் ஒப்பந்தத்திலேயே குறித்த பிறகு கொடுங்கள். டெபாசிட்டை எத்தனை நாளில், எந்தப் பழுதுக்கு எவ்வளவு கழித்துத் திருப்பித் தருவார்கள் என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும். மெஷினை இறக்கும் அன்று, நிறுவும் பொறியாளர் முன்னிலையில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துச் சீரியல் எண்ணோடு டீலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.